வெள்ளைச் சுவருக்குச் சொந்த நிறம் இல்லை

புது வாடகை வீட்டில் பால் காய்ச்சிய அன்று சாயங்காலம், கூடத்தில் வந்து உட்கார்ந்த அத்தை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "என்னடா இது, ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்கு?" என்றார். மறுத்துப் பேச முடியவில்லை. சுவர் வெள்ளை, கூரை வெள்ளை, தரையில் வெள்ளை டைல்ஸ். டைல்ஸின் பளபளப்பில் டியூப்லைட் ஒரு நீளக் கோடாகத் தெரிந்தது. வேறு வண்ணம் பூச வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. வெள்ளையை வெள்ளையாகவே விட்டுவிட்டுக் கூடத்துக்குக் கதகதப்பைக் கொண்டுவர வேண்டியிருந்தது.

சென்னை வெயிலில் கதகதப்பு ஒரு கேடா என்று கேட்கலாம். இங்கே பேசுவது கண்ணுக்கான கதகதப்பு. வெப்பமானி அதனால் ஒரு கோடுகூட நகராது.

சுவருக்குச் சொட்டு நீலம்

நல்ல வெள்ளைப் பெயின்ட் தன்மேல் விழும் ஒளியில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் திருப்பி அனுப்பும். சிவப்பு, பச்சை, நீலம் என்று பெரிய பாகுபாடு காட்டாது. அதனால் விளக்கு எந்த நிறமோ சுவரும் அந்த நிறம். பச்சைச் சுவரில் விளக்கை மாற்றினால் பச்சையின் சாயல் மாறும். வெள்ளைச் சுவரிலோ அறையே மாறிவிடும்.

பல்பு அட்டையில் ஒரு கெல்வின் எண் இருக்கும். அதுதான் ஒளியின் நிறத்தைச் சொல்வது. உலையில் வைத்த இரும்பு முதலில் சிவக்கும், சூடு ஏற ஏற மஞ்சளாகி வெளுக்கும். அதற்கும் மேலே சூடான ஒரு பொருள் நீலச் சாயலில் ஒளிரும். இந்த ஒழுங்கை வைத்துத்தான் கணக்கு. எண் ஏற ஏற ஒளி நீலத்தின் பக்கம் போகும், கண்ணுக்குக் குளிர்ச்சியாகப் படும். விளக்குச் சுடர் ஏறத்தாழ 1900, பழைய குண்டு பல்பு 2700, நம் வீடுகளில் சர்வசாதாரணமான 'கூல் டேலைட்' டியூப் 6500. வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுவோமே, 6500 கெல்வின் விளக்கு மொத்தச் சுவருக்கும் அதைத்தான் செய்கிறது.

இந்த நீல வெள்ளை பகலில் உறுத்தாது. ஜன்னல் வழியே வரும் வானத்தின் ஒளியும் அதே ரகம்தான், அளவும் ஏராளம். ராத்திரியில் ஒளியின் அளவு பல மடங்கு குறைந்து, நீலம் மட்டும் அப்படியே இருந்தால்தான் சிக்கல். மங்கலான ஒளி நீலமாகவும் இருந்தால் இடம் சோர்ந்து தெரியும் என்று 1941-ல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வாளர் க்ருயிட்ஹோஃப் எழுதினார். அவர் வரைந்த வளைகோட்டைப் பிந்தைய சோதனைகள் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் வீட்டு விளக்கு விஷயத்தில் அனுபவம் அவர் பக்கம்தான்.

எங்கள் கூடம் பத்துக்குப் பதினான்கு அடி. டியூபை அணைத்துவிட்டு 9 வாட் எல்இடி பல்பு மூன்று போட்டேன், எல்லாம் 3000 கெல்வின். முதல் வாரம் ஒரு தப்பு செய்தேன். வெளிச்சம் போதவில்லையென்று டியூபையும் சேர்த்துப் போட்டேன். ஒரே விளக்கு எரியும்போது கண் சில நிமிடங்களில் அதற்குப் பழகி, அதையே வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும். இரண்டு ரகம் எரிந்தால் எதற்குப் பழகுவது? ஒரு சுவர் நீலம் பாய்ந்தும் இன்னொன்று மஞ்சள் காமாலை கண்டது போலவும் தெரிந்தன. ஒரு நேரத்தில் ஒரு ரகம் என்று முடிவு செய்தோம்.

பக்கத்திலிருந்து வரும் ஒளி

அடுத்து தரை. டைல்ஸின் பளபளப்பை மறைக்கச் சாயம் போடாத சணல் விரிப்பு ஒன்றை வாங்கிப் போட்டேன். கூரை விளக்கின் கீழே அது வெறும் பழுப்பு அட்டையாகத்தான் கிடந்தது. அதன் முரட்டு நெசவு எங்கே போனது?

கணக்கு எளிது. விரிப்பின் இழை 2 மில்லிமீட்டர் மேடு என்று வைத்துக்கொள்வோம். நேர் மேலிருந்து விழும் ஒளியில் அதற்கு நிழலே இல்லை. 45 டிகிரிச் சாய்வில் வந்தால் நிழல் 2 மில்லிமீட்டர். தரையை ஒட்டி 10 டிகிரியில் வந்தால் 11 மில்லிமீட்டர். மேடுபள்ளம் கண்ணுக்குத் தெரிவது இந்த நிழலால்தான். மூன்று பல்புகளில் ஒன்றை விரிப்பின் ஓரமாக, முழங்கால் உயரத்தில் ஒரு மேசை விளக்கில் பொருத்தியதும் ஒவ்வொரு இழையும் தனித்தனியே எழுந்து நின்றது. கோரைப் பாய், பிரம்பு மோடா, சலவைக்குப் போகாத கோரா துணித் திரை எல்லாவற்றுக்கும் இதுதான் வழி. வண்ணம் செய்கிற வேலையை, வெளிச்சமும் நிழலும் மாறிமாறி வருவது செய்கிறது.

இதே வித்தை காலையும் வாரும். இன்னொரு பல்பைச் சுவரிலிருந்து அரை அடியில், மேல்நோக்கி வைத்துப் பார்த்தேன். பட்டி பார்த்தவரின் கைவரிசை, கரண்டி தடுமாறிய ஒவ்வொரு இடமும், மலையும் மடுவுமாகத் தெரிந்தது. விளக்கு வாங்கும் முன்பே, இருட்டில் செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்திருந்தால் புரிந்திருக்கும். விளக்கை மூன்றடி தள்ளி வைத்ததும் சுவர் மறுபடி சமமானது.

மரம் செய்யும் வேலை

கடைசியாக, தாத்தா காலத்துத் தேக்கு பெஞ்சு ஒன்றை ஊரிலிருந்து வரவழைத்தோம். மரத்தில் உள்ள லிக்னின் முதலான பொருள்கள் நீல ஒளியை விழுங்கிவிடும். மஞ்சளும் சிவப்பும் திரும்பி வரும். திரும்பி வந்தவை நேராக வெள்ளைச் சுவரில் போய் விழும். பெஞ்சுக்கு மேலே உள்ள சுவரில் ஒரு முழ உயரத்துக்கு மெல்லிய தேன் நிறம் படிவதைப் பார்க்கலாம். நம்பாதவர்கள் ஒரு வெள்ளைத் தாளைப் பலகைக்குப் பக்கத்தில் செங்குத்தாகப் பிடித்துப் பார்க்கட்டும். வெள்ளை அறையில் மரம் தன் இடத்தைவிடப் பெரிதாகத் தெரிவதன் காரணம் இதுதான்.

ஆனால் விளக்கில் சிவப்பு இருந்தால்தானே மரம் அதைத் திருப்பி அனுப்ப முடியும்? மலிவான எல்இடியில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. அதன் கீழே தேக்கு சாம்பல் பூத்துக் கிடக்கும். அட்டையில் சிஆர்ஐ என்ற எண் 90-க்கு மேல் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். சாதாரண பல்புகளில் அது 80-ஐ ஒட்டி இருக்கும். உள்ளங்கையை விளக்கின் கீழே காட்டிப் பார்ப்பதும் ஒரு சோதனை. கை வெளிறித் தெரிந்தால் மரமும் வெளிறும்.

மரத்தின் கதகதப்பில் ஒரு பங்கு தொடுகையில் இருக்கிறது. ஏசி 25 டிகிரியில் ஓடும் கூடத்தில் பெஞ்சும் டைல்ஸும் அதே 25 டிகிரிதான். தோலின் சூடு 33 என்று கொண்டால், தொட்ட கணத்தில் மரத்தின்மேல் தோல் ஏறத்தாழ 31 டிகிரியை உணரும், டைல்ஸின்மேல் 28 அல்லது 29. டைல்ஸ் சூட்டை வேகமாக வாங்கிக்கொள்ளும், மரம் மெதுவாக. மரத்தைப் பார்த்ததுமே இதமாகத் தோன்றுவதில் காலும் கையும் முன்பே கற்ற இந்தப் பாடத்துக்கும் பங்கு இருக்கலாம்.

போன மாதம் அத்தை மறுபடி வந்திருந்தார். பேச்சுக்கு நடுவே அவருடைய தோட்டுத் திருகாணி கழன்று எங்கேயோ விழுந்துவிட்டது. தேடுவதற்காக டியூபைப் போட்டேன். நிழல்கள் மறைந்தன, விரிப்பு அட்டையானது, சுவரில் நீலம் ஏறியது. திருகாணி உடனே கிடைத்தது. அதைக் காதில் மாட்டிக்கொண்டே அத்தை சொன்னார்: "கெடச்சிருச்சுல்ல, அந்த ஆஸ்பத்திரிய அணைடா."