மெழுகில் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்

முழுப் பல்செட் கட்ட வருகிறவர்களிடம் குறைந்தது ஐந்து முறை வரவேண்டியிருக்கும் என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். “பிடுங்க அரை மணி நேரம், கட்ட ஒரு மாசமா?” என்பார்கள். நியாயமான கேள்விதான். அந்த ஐந்தில் பல் என்று ஒன்று வாய்க்குள் போவதே நான்காவது முறைதான். முதல் மூன்றும் பல் இல்லாத வாயை அளப்பதில் போய்விடுகின்றன.

அளப்பதற்கு அங்கே அப்படி என்ன இருக்கிறது? பல் இருந்தவரை, வாயை மூடினால் மேல்பல் கீழ்ப்பல்லைத் தொட்டு நிற்கும். தாடை எவ்வளவு உயரத்தில், எவ்வளவு பின்னால் நிற்கவேண்டும் என்பதைப் பற்களே சொல்லிவிடும். கடைசிப் பல்லும் போனபின் தாடைக்கு நிலையான இடமே இல்லை. முன்னால் போகும், பக்கவாட்டில் போகும், மூக்கைத் தொடும் அளவுக்கு மேலேறும். அந்தப் பழைய இடத்தைத் தேடிப் பிடிப்பதுதான் பல்செட் வேலையில் பெரும்பங்கு.

வழக்கமாக வரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 68 வயது அம்மா. கடைவாய்ப் பற்கள் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. மீதியிருந்த முன்பற்களையும் ஆடியதால் எடுத்து ஆறு மாதம் ஆகிறது. ஈறு நன்றாக ஆறியிருக்கிறது. மேல்தாடை மேடு உருண்டு திரண்டு இருக்கிறது, கீழ்மேடு சற்றுத் தேய்ந்திருக்கிறது.

முதல் அளவு எளிது. கடல்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் என்ற பொடியைத் தண்ணீரில் குழைத்து, ரெடிமேட் டிரேயில் நிரப்பி வாயில் அழுத்தினால் சில நிமிடங்களில் இறுகிவிடும். குமட்டல் வருகிறவர்கள் தலையைச் சற்று முன்னால் சாய்த்து மூக்கால் மூச்சுவிட்டால் போதும், பெரும்பாலும் சமாளித்துவிடலாம். அந்த அளவில் பிளாஸ்டரை ஊற்றி வாயின் அச்சு எடுக்கிறோம். ஆல்ஜினேட் காய்ந்தால் சுருங்கும் என்பதால் உடனே ஊற்றவேண்டும். அந்த அச்சின் மேல், அந்த ஒருவருக்கு மட்டுமே பொருந்துகிற தனி டிரே செய்யப்படுகிறது. அதன் ஓரம் ஈறும் கன்னமும் சேரும் மடிப்புக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் முன்பாகவே நிற்கும்.

அந்த இடைவெளி எதற்கு என்பது இரண்டாம் முறை வரும்போது தெரியும். பச்சை நிறக் குச்சி மாதிரி ஒரு மெழுகுக் கலவை உண்டு. அதைத் தீயில் இளக்கி டிரேயின் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டி, சூடு தணிய வெந்நீரில் ஒருமுறை முக்கி வாயில் வைக்கிறோம். கன்னத்தை இழுத்துவிடுவோம், உதட்டைக் குவிக்கச் சொல்வோம், நாக்கை வெளியே நீட்டச் சொல்வோம். தசை அசைந்து போகும் இடம் அந்த ஓரத்தில் பதிந்துவிடும். அதைவிட நீளமாக ஓரம் இருந்தால் பேசும்போதெல்லாம் தசை பல்செட்டைத் தூக்கிவிடும், புண்ணும் ஆகும். குட்டையாக இருந்தால் காற்று புகுந்துவிடும்.

பல்செட் வாயில் நிற்பது பசையால் அல்ல. நனைந்த இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுபோல, ஈறுக்கும் பல்செட்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய எச்சில் படலம் பிடித்துக்கொள்கிறது. ஓரம் முழுவதும் காற்றுப் புகாமல் அடைத்திருந்தால்தான் அந்தப் பிடி நிலைக்கும். மேல்தாடையில் ஓரத்தின் பின்பகுதி அண்ணத்தில் முடிகிறது. ‘ஆ’ என்று சொல்லச் சொன்னால் மென்மையான அண்ணம் அசையும், கடினமான பகுதி அசையாது. அந்த அசைவு தொடங்கும் கோட்டோரம் பல்செட் முடிந்தால் பிடிப்பும் இருக்கும், குமட்டலும் வராது. ஓரங்கள் முடிந்ததும் மேல் டிரேயின் கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் பார்ப்பேன். எளிதில் வந்துவிட்டால் மேற்கொண்டு போவதில் அர்த்தமில்லை. இறுகப் பிடித்தால்தான் ஜிங்க் ஆக்ஸைடு பசையைத் தடவிக் கடைசி அளவு. அதில் கிராம்பு எண்ணெயின் சாரம் இருப்பதால் அறை முழுக்கக் கிராம்பு மணக்கும்.

கீழ்த்தாடைக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. மேல் பல்செட் அண்ணம் முழுவதையும் மூடி ஏறக்குறைய 24 சதுர சென்டிமீட்டர் பரப்பில் உட்காருகிறது. கீழ்ப் பல்செட்டுக்குக் கிடைப்பது சுமார் 14தான். நடுவில் நாக்கு வேறு ஓயாமல் அசைகிறது. மேல்செட்டைப் போலக் கீழ்செட்டும் கப்பென்று பிடிக்கும் என்று எதிர்பார்த்து வருகிறவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மூன்றாம் முறைதான் தாடையின் இடத்தைப் பிடிக்கும் நாள். மெல்லிய தட்டின்மேல், பல் இருக்கவேண்டிய இடத்தில் மெழுகுச் சுவர் கட்டி வைத்திருப்போம். மேல் சுவரை முதலில் செதுக்குகிறோம். உதட்டைத் தளர்வாக விட்டால் அதன் விளிம்பு உதட்டுக்குக் கீழே ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தெரியவேண்டும். வயதானவர்களுக்கு அதுவும் குறைவாகவே இருக்கலாம். முன்னிருந்து பார்த்தால் கண்மணிகளை இணைக்கும் கோட்டுக்கும், பக்கத்திலிருந்து பார்த்தால் மூக்கின் ஓரத்தையும் காதையும் இணைக்கும் கோட்டுக்கும் இணையாகப் போகவேண்டும்.

அடுத்தது உயரம். அந்த அம்மாவின் மூக்கு நுனியிலும் முகவாயிலும் ஒவ்வொரு புள்ளி வைக்கிறோம். “உதட்ட ஈரப்படுத்தி, எச்சில் முழுங்கிட்டு, ‘ம்ம்’ சொல்லுங்கம்மா... அப்படியே விடுங்க.” தாடை ஓய்வாக நிற்கும்போது புள்ளிகளுக்கு இடையே 64 மில்லிமீட்டர். பல் உள்ளவர்களுக்கும் ஓய்வில் மேல்பல் கீழ்ப்பல்லைத் தொடாது. 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். எனவே பல்செட் கவ்வும்போது உயரம் 61க்கு அருகில் வரும்படி கீழ்ச் சுவரைச் செதுக்கவேண்டும். இடைவெளி இல்லாமல் உயர்த்திவிட்டால் பேசும்போது பல் கடகடவென்று மோதும், உதடு ஒட்டாது, ஈறு முழுவதும் வலிக்கும். தாழ்த்திவிட்டால் முகவாய் மூக்கை நோக்கி ஏறும், வாயோரம் மடிந்து எச்சில் தேங்கிப் புண்ணாகும். அளவுகோலை மட்டும் நான் நம்புவதில்லை. ‘சரஸ்வதி’ என்று சொல்லச் சொல்வேன். ‘ஸ’ வரும்போது இரண்டு மெழுகுச் சுவர்களும் நெருங்கவேண்டும், ஆனால் இடிக்கக்கூடாது.

உயரத்தைவிடக் கடினமானது, தாடை முன்பின்னாக எங்கே நிற்கிறது என்பது. காதுக்கு முன்னுள்ள மூட்டில் தாடை அதன் இயல்பான பின்னிடத்தில் இருக்கும்போதுதான் பதிவு செய்யவேண்டும். அந்த இடத்துக்குத்தான் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரமுடியும். ஆனால் கடைவாய்ப் பல் இல்லாமல் வருடக்கணக்கில் முன்பல்லாலேயே மென்றவர்களுக்குத் தாடையை முன்னால் தள்ளுவது பழக்கமாகியிருக்கும். ‘கடிங்க’ என்ற சொல் காதில் விழுந்தாலே தள்ளிவிடுவார்கள். அதனால் அந்தச் சொல்லையே தவிர்த்து, “நாக்க மடிச்சு அண்ணத்துல பின்னாடி தொடுங்க, தொட்டுக்கிட்டே மெதுவா மூடுங்க” என்கிறோம். நாக்கு பின்னால் போனால் தாடையும் கூடவே போகும். பலமுறை மூடிப் பார்த்து, ஒரே இடத்தில் வந்தால் இரண்டு சுவர்களையும் பிணைத்து வெளியே எடுத்து, வாய் அசைவைக் காட்டும் ஆர்ட்டிகுலேட்டர் என்ற கருவியில் அச்சுகளோடு பொருத்துகிறோம். பல்லின் நிறமும் வடிவமும் அன்றே முடிவாகும். பழைய போட்டோ ஒன்று கொண்டுவந்தால் பெரிய உதவி. வெள்ளை வெளேரென்ற, வரிசை பிசகாத பல்தான் வேண்டும் என்பார்கள் பலர். அறுபது வயதைத் தாண்டிய முகத்தில் அதுதான் பல்செட் என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

நான்காம் முறை, ஒத்திகை. உண்மையான அக்ரிலிக் பற்கள் ரோஸ் நிற மெழுகில் நிற்கின்றன. ஆர்ட்டிகுலேட்டரில் எல்லாம் அழகாகக் கவ்விற்று. அந்த அம்மாவின் வாயில் வைத்து மெதுவாக மூடச் சொன்னால், மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களைவிட நிறைய முன்னால் நிற்கின்றன. கடைவாய்ப் பற்கள் குழிக்குள் இறங்காமல் முனைமேல் முனையாக முட்டுகின்றன. காரணம் ஒன்றுதான்: போன முறை தாடையைத் தள்ளி மூடியிருக்கிறார், இன்று தளர்வாக இருப்பதால் சரியான இடத்துக்குப் போய்விட்டது. இதைக் கவனிக்காமல் ‘நல்லா அழுத்திக் கடிங்க’ என்று சொன்னால் அவர் மறுபடி தாடையைத் தள்ளிக் கடிப்பார், பற்கள் பொருந்துவதுபோலவே தெரியும். தவறு மறைந்துவிடும். பிறகு ஒவ்வொரு சாப்பாட்டிலும் கீழ்செட் முன்னே சரிந்து ஈறை அறுக்கும்.

எனவே கீழ்க் கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிவிட்டு அங்கே இளகிய மெழுகை வைத்து, நாக்கைப் பின்னே மடிக்கவைத்துப் புதிதாகப் பதிவு எடுக்கிறோம். கீழ் அச்சை ஆர்ட்டிகுலேட்டரிலிருந்து கழற்றி மீண்டும் பொருத்தி, பற்களை அடுக்கி, இன்னொரு ஒத்திகை. ஒரு வாரம் கூடும், அவ்வளவுதான்.

இந்த நாளில் வீட்டில் ஒருவரை அழைத்து வருவது நல்லது. கைக்கண்ணாடியை முகத்தருகே வைத்துப் பல்லை மட்டும் பார்க்காமல், எழுந்து நின்று, பேசும் தூரத்தில் முகத்தைப் பாருங்கள். ‘வா’, ‘விளக்கு’ என்று சொல்லுங்கள். மேல்பல்லின் நுனி கீழுதட்டின் உள்விளிம்பை லேசாகத் தொடவேண்டும். உதடு துருத்துகிறதா, நடுக்கோடு சாய்ந்திருக்கிறதா, பல் பெரிதாகத் தெரிகிறதா என்பதைத் தயங்காமல் சொல்லிவிடுங்கள். மெழுகில் இருக்கும்வரை எந்தப் பல்லையும் நகர்த்தலாம். டாக்டர் என்ன நினைப்பாரோ என்று தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் பிறகு பல்செட்டை டப்பாவில் வைத்துவிடுகிறார்கள்.

அதன்பின் லேப். மெழுகுச் செட்டை பிளாஸ்டரில் புதைத்து, வெந்நீரில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்தப் பள்ளத்தில் அக்ரிலிக் மாவைத் திணிக்கிறார்கள். தண்ணீரில் சுமார் 74 டிகிரியில் எட்டொன்பது மணி நேரம் மெதுவாக வேகவேண்டும். அவசரப்பட்டுக் கொதிக்கவிட்டால், 100 டிகிரியைச் சற்றே தாண்டியதும் கொதிக்கும் அதன் திரவம் உள்ளே குமிழ்விட்டுவிடும். ஓட்டை விழுந்த பல்செட் சீக்கிரம் உடையும், கறையும் வாடையும் பிடிக்கும். இறுகியபின் தேய்க்கலாம், பாலிஷ் போடலாம், பல்லை நகர்த்தமுடியாது.

ஐந்தாம் முறை பொருத்தும்போது உள்பக்கம் ஒரு வெள்ளைப் பசையைத் தடவி வைக்கிறோம். எங்கே பசை விலகி ரோஸ் நிறம் தெரிகிறதோ அங்கேதான் அழுத்தம், அதை மட்டும் லேசாகத் தேய்க்கவேண்டும். பற்களுக்கு நடுவே நீலத்தாள் வைத்து, முந்திக்கொண்டு முட்டும் முனைகளையும் குறைக்கிறோம். முதல் சில நாள் எச்சில் ஊறும், பேச்சு குழறும். இட்லியிலிருந்து தொடங்கி, சிறு துண்டுகளாக, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மெல்லவேண்டும். முன்பல்லால் கடித்து இழுத்தால் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். மறுநாளோ இரண்டு நாள் கழித்தோ கட்டாயம் வரச்சொல்வோம், ஏனென்றால் புண் அதற்குள் தலைகாட்டும். வலிக்கிறது என்று ஒரு வாரம் கழற்றி வைத்துவிட்டு வந்தால் எங்கே அழுத்துகிறது என்ற தடமே இருக்காது. வருவதற்கு முன் சில மணி நேரமாவது போட்டிருக்கவேண்டும். வீட்டில் அரம் வைத்து ராவுவது மட்டும் வேண்டாம்.

இரவில் கழற்றித் தண்ணீரில் போடுங்கள், ஈறுக்கும் ஓய்வு வேண்டும். கொதிநீரில் போட்டால் வளைந்துவிடும்.

எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அடியில் உள்ள எலும்பு தேய்ந்துகொண்டேதான் இருக்கும். நீண்டகால அளவில் கீழ்த்தாடை, மேல்தாடையைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு தேய்கிறது. தக்காளி விதையும் மிளகாய் விதையும் அடிக்கடி உள்ளே புகுந்து உறுத்தத் தொடங்கினால் இடைவெளி விழுந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். ஒட்டுப் பவுடரால் ஒப்பேற்றிக்கொண்டே போனால் கடி இடம் மாறி எலும்பு இன்னும் தேயும். பற்கள் நன்றாக இருந்தால், அந்தப் பல்செட்டையே டிரேயாக வைத்து உள்பக்கம் அளவெடுத்துப் புது அக்ரிலிக் அடுக்கு ஏற்றலாம். மேடே இல்லாத அளவுக்குக் கீழ்த்தாடை தேய்ந்தவர்களுக்கு, முன்பகுதி எலும்பில் இரண்டு இம்ப்ளான்ட் வைத்து அவற்றின்மேல் கீழ்செட்டைக் கொக்கி மாட்டுவதுபோல் பொருத்துவது நிலையான வழி. செலவு கூடும். மேல்செட்டுக்குப் பெரும்பாலும் அது தேவைப்படுவதில்லை.