ஆளுக்கு ஐந்நூறு சொல்லா?

நான்கு பேர், 2,000 சொற்கள், ஆளுக்கு 500. கல்லூரியில் குழு அசைன்மென்ட் கொடுத்ததும் வாட்ஸ்அப்பில் வந்து விழும் முதல் கணக்கு இதுதான். நியாயமாகத்தான் தெரியும். சண்டையும் இங்கேதான் தொடங்கும்.

தமிழ்நாட்டின் பிளாஸ்டிக் தடை பற்றி ஒரு குழு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அரசாணையைப் படித்துச் சுருக்க ஒரு மாலை போதும். கடைவீதியில் இருபது வியாபாரிகளிடம் பேசித் தொகுக்க மூன்று நாள் ஆகும். இரண்டும் 500 சொல்தான். எனவே பங்கு போட வேண்டியது நேரத்தை. அதிலும் பலர் கணக்கில் விட்டுவிடுவது, பகுதிகளைச் சேர்த்து ஒரே கட்டுரையாக்கும் வேலை. அதற்கே நாலைந்து மணி நேரம் போய்விடும். அதை ஏற்பவர் தலையில் முழுப் பகுதியையும் கட்டக் கூடாது.

ஒருவர் எழுதவே இல்லையென்றால்? குழு பெரிதாகப் பெரிதாக ஒவ்வொருவரின் உழைப்பும் குறைவதை, கயிறு இழுக்கும் சோதனைகளில் பிரான்சின் ரிங்கெல்மான் கண்டு 1913இல் வெளியிட்டார். யார் எவ்வளவு செய்தார் என்பது தெரிந்தால் இந்தத் தளர்ச்சி குறைகிறது என்று பின்னாளைய ஆய்வுகள் காட்டின. ஆகவே பெயர், வேலை, தேதி மூன்றையும் முதல் நாளே எழுதி வைப்பது நல்லது. கூகுள் டாக்ஸில் யார் எப்போது திருத்தினார் என்ற வரலாறு இருக்கும். ஆனால் அது தட்டச்சைத்தான் காட்டும். வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கியதைக் காட்டாது. அதை மட்டும் வைத்து ஒருவரைச் சோம்பேறி என்று தீர்ப்பெழுத முடியாது. பாதித் தவணையில் ஒரு வரைவு கேட்டால் போதும், தேங்கி நிற்பவர் யாரென்று தெரிந்துவிடும். அப்போது வேலையை மாற்றிக் கொடுக்கவும் நாள் இருக்கும்.

இனி சேர்ப்பது. ஒருவர் முழுவதையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டும், எதையும் திருத்தாமல். முரண்கள் தானாகக் கண்ணில் படும். முதல் பகுதி தடை 2018இல் வந்தது என்கிறது. மூன்றாவது பகுதி 2019 என்கிறது. இருவரும் தவறவில்லை. அறிவிப்பு வந்தது 2018 ஜூனில், நடைமுறைக்கு வந்தது 2019 ஜனவரி 1 அன்று. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் முதலிலேயே சொல்லிவிட்டால் சிக்கல் தீர்ந்தது. நான்கு பகுதிகளும் தடையை ஆளுக்கொரு முறை அறிமுகப்படுத்தியிருக்கும். ஒன்றை வைத்துக்கொண்டு மூன்றை வெட்டலாம். முடிவுரையை முன்கூட்டியே யாருக்கும் ஒதுக்காதீர்கள். மற்ற பகுதிகளைப் பார்க்காமல் எழுதும் முடிவுரை எந்தக் கட்டுரைக்கும் பொருந்துவதாக இருக்கும்.

சேர்ப்பவர் நடையைத் தாராளமாக மாற்றலாம். கண்டறிந்ததை மாற்றுவதானால் எழுதியவரைக் கேட்க வேண்டும். ‘தடை பலித்தது’ என்று ஒருவரும் ‘பலிக்கவில்லை’ என்று இன்னொருவரும் அடம்பிடித்தால் ஓட்டெடுப்பு வேண்டாம். எந்தப் பொருள், எந்தக் கடை என்று பிரித்துப் பாருங்கள். ஓட்டலில் பார்சல் கட்டும் தாள் மாறியிருக்கும். காய்கறிக் கடைப் பை மாறாமல் இருக்கும். அப்படியே எழுதிவிடலாம்.