சந்தா முடிந்ததை எக்செல் சொல்லட்டும்!

பென்னாகரத்தில் எங்கள் இறகுப்பந்து மன்றத்தின் சந்தாக் கணக்கு என் பொறுப்பு. ஆண்டுச் சந்தா முடிந்தபின் 30 நாள் சலுகைக் காலம் தருகிறோம். அதற்குள் கட்டினால் சந்தா மட்டும் போதும். தவறினால் நுழைவுக் கட்டணமும் கட்டித்தான் மறுபடி சேர முடியும்.

எக்செல்லில் A வரிசையில் பெயர், B வரிசையில் சந்தா முடியும் தேதி. C2 கட்டத்தில் இதை டைப் செய்து, கீழே இழுத்து விட்டேன்.

```
=IF(B2>TODAY()+15,"நடப்பு",IF(B2>=TODAY(),"நினைவூட்டு",IF(B2+30>=TODAY(),"சலுகை","காலாவதி")))
```

ஒருவருக்கு 31-05-2025 அன்று சந்தா முடிகிறது என்று வையுங்கள். மே 16 முதல் 'நினைவூட்டு' என்று காட்டும், போன் செய்துவிடலாம். ஜூன் 1 முதல் 30 வரை 'சலுகை'. ஜூலை 1 அன்று 'காலாவதி'. சலுகைக் காலத்தில் கட்டினாலும் புதிய தேதி 31-05-2026தான். பணம் கட்டிய நாளிலிருந்து கணக்கிட்டால், தாமதிப்பவருக்கு ஆண்டுதோறும் சில நாட்கள் இலவசமாகிவிடும்.

இதில் நான் ஒருமுறை ஏமாந்தேன். ஓர் உறுப்பினரின் தேதியை 10.06.2025 என்று புள்ளி வைத்து டைப் செய்துவிட்டேன். என் கம்ப்யூட்டரில் எக்செல் அதைத் தேதியாக அல்ல, வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டது. ஒப்பிடும்போது எழுத்து எந்த எண்ணையும் விடப் பெரியது என்பது எக்செல்லின் கணக்கு. ஆகவே அவர் எப்போதும் 'நடப்பு'! ஆகஸ்டில் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. தவறு என்னுடையது என்பதால், அவருக்குப் புதிதாக 30 நாள் கொடுத்தோம்.

கண்டுபிடிப்பது சுலபம். சரியான தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். எழுத்து இடப்பக்கம் நிற்கும். சந்தேகமிருந்தால் D2 கட்டத்தில் `=ISNUMBER(B2)` என்று கொடுங்கள். `FALSE` என்று வந்தால், தேதியைச் சிறு கோடு போட்டு மறுபடி டைப் செய்யுங்கள்.