ஏழு காயில் ஒயர் எங்கே போனது?

கணினியில் 64 காயில் இருப்பதாகக் காட்டுகிறது. அலமாரியில் எண்ணிப் பார்த்தால் 57தான் இருக்கிறது. மார்ச் 31ஆம் தேதி இரவு ஸ்டாக் எடுக்கும் ஹார்டுவேர் கடைகளில் இப்படி ஒரு வித்தியாசம் வராமல் இருப்பது அபூர்வம். அந்த நேரத்தில் இரண்டில் ஒன்று நடக்கும். முதலாளியின் பார்வை கடைப் பையன் பக்கம் திரும்பும். இல்லையென்றால் கணக்கர் 64ஐ 57 என்று திருத்திவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். முதலாவது அநியாயம். இரண்டாவது, உண்மையைக் கண்டுபிடிக்க இருந்த ஒரே தடயத்தையும் அழித்துவிடுகிறது.

ஒரு சிற்றூர் ஹார்டுவேர் கடையை உதாரணமாக வைத்துக்கொண்டு, அந்த ஏழு காயிலையும் தேடிப் பார்ப்போம்.

முதலில் எண்ணிக்கையே நம்பத்தக்கதா என்று பார்க்க வேண்டும். எண்ணுகிறவர் கையில் உள்ள தாளில் சரக்கின் பெயரும் இடமும் மட்டும் இருக்க வேண்டும். கணினி காட்டும் இருப்பு இருக்கக் கூடாது. 64 என்று தாளில் இருந்தால், 61 வரை எண்ணியவர் மீதி மூன்று பின்னால் எங்கேயாவது இருக்கும் என்று 64 என்றே எழுதிவிடுவார். இரவு பதினொரு மணிக் களைப்பில் யாரும் செய்யக்கூடியதுதான் இது. ஒருவர் எண்ண, இன்னொருவர் எழுத வேண்டும். குடோனைப் பொறுப்பில் வைத்திருப்பவர் உடன் இருக்கலாம், ஆனால் அவரே தனியாக எண்ணக் கூடாது. எண்ணி முடித்த தட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டால் ஒரே அடுக்கை இரண்டு முறை எண்ணுவது தவிரும். பித்தளைக் குழாய் போன்ற விலை கூடிய சரக்கை அட்டைப் பெட்டியோடு எண்ணாமல் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். திருடுகிறவர் பெட்டியை விட்டுவிட்டுக் குழாயை மட்டும் எடுத்துப் போவது உண்டு.

எண்ணத் தொடங்குமுன் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்: கடைசி விற்பனை பில், கடைசியாக வந்திறங்கிய சரக்கின் பில், கடைசி டெலிவரி சலான். அந்த இரவில் செலவழியும் இரண்டு நிமிடம் ஏப்ரல் மாதத்தில் இரண்டு நாள் தேடலை மிச்சப்படுத்தும். நம் கடையில் சலான் புத்தகத்தைப் புரட்டியதுமே இரண்டு காயில் கிடைத்துவிட்டது. மார்ச் 30 அன்று ஒரு கட்டட வேலைக்கு எலக்ட்ரீஷியன் எடுத்துப் போயிருக்கிறார். "பில் அப்புறம் போட்டுக்கலாம்ணே" என்று சொல்லிப் போனது அப்படியே நின்றுவிட்டது. இது குறைவே அல்ல, பில் போடாத விற்பனை. சரக்கு மார்ச்சில் வெளியேறிவிட்டதால் பில்லும் மார்ச் கணக்கிலேயே வர வேண்டும். இல்லாவிட்டால் சரக்கு குறைந்து, அதற்குரிய பணமும் கணக்கில் வராமல், இந்த ஆண்டு லாபம் பொய்யாகக் குறையும்.

இன்னும் ஐந்து பாக்கி. கணினிப் பட்டியலில் கொஞ்சம் கீழே இறங்கினால் 'லூஸ் ஒயர்' என்று தனியாக ஒரு சரக்கு இருக்கிறது. அதன் இருப்பு கழித்தல் 55 மீட்டர். இல்லாத சரக்கை விற்றதாகக் கணினி சொல்கிறது. தட்டிலோ 35 மீட்டர் சுருள் ஒன்று கிடக்கிறது. 55ஐயும் 35ஐயும் கூட்டினால் 90. ஒரு காயிலின் நீளம் 90 மீட்டர். யாரோ ஒரு காயிலைப் பிரித்து மீட்டர் கணக்கில் விற்றிருக்கிறார்கள். காயில் கணக்கிலிருந்து லூஸ் கணக்குக்கு மாற்றி எழுத மறந்திருக்கிறார்கள். ஒரு சரக்கில் குறைவும் அதன் பக்கத்துச் சரக்கில் கூடுதலும் வந்தால் அநேகமாக அது எழுத்துப் பிழைதான். திருட்டுக்கு அப்படி ஒரு மறுபக்கம் இருக்காது. இரண்டையும் பிரித்தறிய இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

இந்தத் தேடலெல்லாம் முடியும்வரை கணினியில் இருப்பைத் திருத்தக் கூடாது. Tally மென்பொருளில் Physical Stock என்ற பதிவு இருக்கிறது. எண்ணிய அளவை அதில் இட்டால் இருப்பு உடனே அந்த எண்ணுக்கு மாறிவிடும். நட்டம் எவ்வளவு, எதனால் என்று அது கேட்காது. அதனால் முதலில் வித்தியாசப் பட்டியலை அச்சிட்டு, ஒவ்வொரு வரிக்கும் எதிரே காரணத்தை எழுதி, முதலாளி கையெழுத்திட்ட பிறகே திருத்தத்துக்குப் போக வேண்டும்.

மிச்சம் நான்கு காயில். சலானும் இல்லை, வாங்கிய இடத்துக்குத் திருப்பி அனுப்பிய பதிவும் இல்லை, வேறு எந்தச் சரக்கிலும் கூடுதலும் இல்லை. நான்கும் பிரிக்காத முழுக் காயில்கள். செம்பு ஒயர் கைக்கு அடக்கமானது, விலை கூடியது, எந்தக் கடையிலும் விற்றுவிடலாம். இப்போதுதான் திருட்டு என்ற சொல்லை எடுக்க வேண்டும். அப்போதும் 'யார்' என்ற கேள்விக்குக் கணக்குப் புத்தகத்தில் விடை இல்லை.

இதே கடையில் ஆணி 5.5 கிலோ குறைகிறது. ஆண்டு முழுவதும் சில்லறையாக நிறுத்து விற்றது 1,400 கிலோ. நூறு கிலோவுக்கு அரைக் கிலோகூட இல்லாத இந்தக் குறைவு, நிறுத்து விற்கும் சரக்கில் இயல்பாக வருவது. இதற்குத் தனிப் பதிவு தேவையில்லை. இறுதிச் சரக்கிருப்பில் உண்மையான எடையைக் காட்டினால் போதும், நட்டம் தானாகவே வியாபாரக் கணக்கில் வந்து சேர்ந்துவிடும்.

சிமெண்டில் எண்ணிக்கை சரியாக இருக்கிறது: புத்தகத்திலும் 80 மூட்டை, குடோனிலும் 80. ஆனால் சுவரோரம் இருந்த ஆறு மூட்டை மழைக்கால ஈரத்தில் கல்லாகிவிட்டது. எண்ணுகிறவர் மூட்டையைத் தொட்டு அழுத்திப் பார்க்காவிட்டால் இது தெரியவே வராது. பெயிண்டில் மூன்று வாளிகளின் மூடி உடைந்திருக்கிறது. வாங்கிய விலை தலா 3,000 ரூபாய். இப்போது 1,800க்குத்தான் போகும். இருப்புக்கு மதிப்புப் போடும்போது வாங்கிய விலை, விற்றால் கையில் நிற்கும் தொகை இரண்டில் எது குறைவோ அதைத்தான் எடுக்க வேண்டும் என்பது கணக்கியல் விதி. ஆகவே வாளி ஒன்றுக்கு 1,800 என்று காட்ட, 3,600 ரூபாய் லாபத்தில் குறையும்.

இங்கேதான் ஜிஎஸ்டி நுழைகிறது. சரக்கு வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்கிறோம். அதுதான் உள்ளீட்டு வரி வரவு. தொலைந்த, திருடுபோன, அழிந்த, கணக்கிலிருந்து நீக்கப்பட்ட சரக்குக்கு அந்த வரவு கிடையாது என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(h) பிரிவு சொல்கிறது. ஏற்கெனவே எடுத்திருந்தால் GSTR-3B படிவத்தில் திருப்பிக் காட்ட வேண்டும். நான்கு காயிலின் அடக்கம் தலா 2,000 வீதம் 8,000. அதற்கு எடுத்த 18 சதவீத வரி வரவு 1,440. ஆக உண்மையான நட்டம் 9,440 ரூபாய். கணக்கில் சரக்குத் திருட்டு நட்டத்துக்கு 9,440 பற்று எழுதி, கொள்முதலுக்கு 8,000, உள்ளீட்டு வரிக்கு 1,440 வரவு எழுத வேண்டும்.

ஆறு மூட்டை சிமெண்டுக்கு இன்னொரு கவனம் வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டின் வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு முன் வாங்கிய மூட்டையானால், அந்தப் பழைய பில்லில் எடுத்த 28 சதவீதத்தைத்தான் திருப்ப வேண்டும். மூட்டை 280 ரூபாய் என்றால் சரக்கு 1,680, வரி 470 ரூபாய் 40 காசு. பெயிண்ட் வாளிக்கு எதையும் திருப்ப வேண்டியதில்லை. அது விலை குறைந்தாலும் விற்கப்போகிற சரக்கு. விற்கும் விலைக்கு வரி வாங்கினால் போதும். உடைந்தது எல்லாவற்றையும் ஒரே வரியில் 'டேமேஜ்' என்று தள்ளிவிடுகிறவர்கள் கட்டத் தேவையில்லாத வரியைக் கட்டுகிறார்கள்.

இயல்பான கழிவு பற்றி ஒரு வார்த்தை. உருக்குத் தொழிலில் உற்பத்தியின்போது ஏற்படும் இழப்புக்கு வரி வரவைத் திருப்ப வேண்டியதில்லை என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது உற்பத்தியைப் பற்றிய தீர்ப்பு. கடையின் எடைக் குறைவுக்கு அதை அப்படியே பொருத்துமுன் உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கை கூடுதலாக வந்தாலும் மறைக்க வேண்டாம். பெரும்பாலும் கொள்முதல் பில் ஒன்று பதியாமல் இருக்கும். கணக்கில் இல்லாத சரக்கை அதிகாரி வந்து கண்டுபிடித்தால், அதை விற்றுவிட்டதாகவே கருதி வரி கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று சிலர் நினைப்பார்கள். பூட்டை உடைத்து நடந்த திருட்டுக்குத்தான் வழக்கமான கொள்ளைக் காப்பீடு உதவும். ஸ்டாக் எடுக்கும்போது தெரியவந்த, காரணம் புரியாத குறைவுக்கு அதில் பணம் வராது. ஊழியரின் கையாடலுக்குத் தனிப் பாலிசி உண்டு. அதற்கும் ஆதாரம் வேண்டும், போலீஸில் புகார் வேண்டும். நம் நான்கு காயிலுக்கு அந்த ஆதாரம் கிடைப்பது கடினம். ஆண்டுக்கு ஒருமுறை எண்ணுகிறவருக்குச் சரக்கு ஏப்ரலில் போனதா பிப்ரவரியில் போனதா என்றே தெரியாது. கேமரா பதிவும் அதற்குள் அழிந்திருக்கும்.

அந்த 9,440 ரூபாயைக் கடையில் வேலை பார்ப்பவர்களின் சம்பளத்தில் பங்கு போட்டுப் பிடிக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இது தவறு. குறிப்பிட்ட ஒருவரிடம் ஒப்படைத்த சரக்கு, அவருடைய கவனக்குறைவால் போனது என்று தெரிந்தால்தான் பிடிக்கலாம். அதற்கும் முன் அவருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டமே சொல்லியிருந்தது. ஏழில் மூன்று காயில் எழுத்துப் பிழை என்று நாம் கண்டுபிடித்தோம். தேடாமல் இருந்திருந்தால் அந்த மூன்றுக்கும் சேர்த்து யாரோ ஒரு பையன் திருடன் ஆகியிருப்பான்.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மார்ச் 31 வரை காத்திருக்காதீர்கள். செம்பு ஒயர், பித்தளைக் குழாய் என்று உங்கள் கடையில் விலை கூடிய, கையில் அடங்கும் பத்துச் சரக்குகளைத் தேர்ந்தெடுத்து, இந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வாரம் ஒருமுறை எண்ணி எழுதத் தொடங்குங்கள்.