மாசி 20 முதல் விஷு வரை

கன்னியாகுமரி மாவட்டத்தில் கடை வைத்திருப்பவருக்கு மாசியும் பங்குனியும் ஓய்வில்லாத மாதங்கள். மண்டைக்காட்டுக் கொடை, அய்யா வைகுண்டர் அவதார நாள், கிறிஸ்தவர்களின் தவக்காலம் எல்லாம் அடுத்தடுத்து வரும். சில ஆண்டுகளில் ரமலான் நோன்பும் இதே நாட்களில் சேர்ந்துகொள்ளும். இந்த மாவட்டத்தில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏறத்தாழச் சரிபாதி. தக்கலை, திட்டுவிளை, கோட்டாறு போன்ற ஊர்களில் முஸ்லிம் குடும்பங்களும் தலைமுறைகளாக வாழ்கின்றன. ஒரே மளிகைக் கடையின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை இவர்கள் எல்லாருமே பார்க்கிறார்கள். 1982 மண்டைக்காட்டுக் கலவரத்தை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்களும் அவர்களில் உண்டு. அதனால்தான் இங்கே ஒரு வாழ்த்துப் பதிவில் எந்தச் சொல், எந்தப் படம், எந்த நேரம் என்பதையெல்லாம் யோசித்தே ஆக வேண்டும்.

2024-ஆம் ஆண்டின் அந்த ஒன்றரை மாதத்தையே எடுத்துக்கொள்வோம். தக்கலைப் பக்கம் ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வருவது மாசி 20, அய்யா வைகுண்டர் அவதார நாள். சாமிதோப்புக்கு ஊர்வலமாகப் போகும் அய்யாவழிக் குடும்பங்கள் அந்தக் கடையின் வாடிக்கையாளர்கள். போனில் தேடினால் கிடைக்கும் சாமி படம் ஒன்றை எடுத்துப் போட்டு, கீழே கடைப் பெயரை எழுதிவிடுவதுதான் பலரும் செய்வது. அய்யாவழியில் சிலை கிடையாது. பள்ளியறையில் கண்ணாடியும் விளக்கும்தான் இருக்கும். நெற்றியில் இடும் சுடர் வடிவ நாமமும் தாமரையும்தான் அவர்கள் தங்கள் அடையாளமாகக் கொள்பவை. அந்த அடையாளத்தோடு ‘அய்யா உண்டு’ என்று எழுதினால், தங்களைத் தெரிந்த ஒருவர் எழுதியதாக அவர்களுக்குத் தோன்றும். வேறொரு கோயிலின் மூலவர் படத்தைப் போட்டால், எங்களை யாரோடோ சேர்த்துவிட்டார்கள் என்ற வருத்தம் தங்கிவிடும். அந்த வருத்தத்தைக் கடைக்கு வந்து யாரும் சொல்ல மாட்டார்கள்.

அந்த ஆண்டு மார்ச் 12 அன்று நோன்பு தொடங்கியது. நோன்பு மாதத்தில் கடைகள் விரும்பி வெளியிடுவது சஹர், இஃப்தார் நேர அட்டவணை. நல்ல எண்ணம்தான். ஆனால் இணையத்தில் கிடைக்கும் சென்னை அட்டவணையைப் போட்டால் அது பெரிய தவறாகிவிடும். நாகர்கோவில் பக்கம் சென்னைக்கு மேற்கே இருப்பதால் மார்ச் மாதத்தில் இங்கே சூரியன் மறைய சுமார் பத்து நிமிடம் அதிகமாகும். சென்னை நேரத்தை நம்பி நோன்பு திறப்பவர், சூரியன் மறையும் முன்பே திறந்துவிடுவார். நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவரின் நோன்பு அதனால் கெட்டுப்போகும். உள்ளூர்ப் பள்ளிவாசல் ஜமாஅத் அச்சிடும் அட்டவணையைக் கேட்டு வாங்கி, அதைக் கொடுத்த ஜமாஅத்தின் பெயரோடு போடுவதுதான் சரி. அது முடியாதென்றால் அட்டவணையே வேண்டாம்.

மார்ச் 29 புனித வெள்ளி. கடைக்காரர்கள் அதிகம் சறுக்குவது இந்த நாளில்தான். விடுமுறை நாள் என்றதும் கை தானாக ‘இனிய’ என்று தொடங்கிவிடும். அந்த நாள் கிறிஸ்துவின் பாடுகளையும் மரணத்தையும் நினைக்கும் நாள். சி.எஸ்.ஐ. ஆலயங்களில் நண்பகலிலிருந்து மூன்று மணி வரை ஆராதனை நடக்கும். கத்தோலிக்கர் அன்று நோன்பிருப்பார்கள், இறைச்சியைத் தொட மாட்டார்கள். துக்கம் காக்கும் வீட்டுக்கு நாம் எப்படிப் போவோமோ அப்படித்தான் அந்தப் பதிவும் இருக்க வேண்டும். இந்தக் கடைக்கு நான் எழுதிக் கொடுப்பதென்றால் இவ்வளவே எழுதுவேன்: ‘இன்று புனித வெள்ளி. ஆராதனை நேரத்தை முன்னிட்டு நண்பகல் 12 முதல் 3 மணி வரை கடை இயங்காது.’ பூ வேண்டாம், கைகூப்பிய முதலாளி படம் வேண்டாம், அன்றைக்குத் தள்ளுபடி அறிவிப்பும் வேண்டாம். அந்த மூன்று மணி நேரம் கடையை உண்மையிலேயே மூட முடியாதென்றால், எதுவும் போடாமல் இருப்பது நல்லது.

ஈஸ்டர் வாழ்த்தைச் சனிக்கிழமை மாலையே போட்டுவிடுகிறார்கள். திருச்சபைக்கு அது இன்னும் காத்திருப்பின் பொழுது. கத்தோலிக்கரின் பாஸ்கா திருவிழிப்பு சனிக்கிழமை இரவில்தான் தொடங்கும். சீர்திருத்தச் சபைகள் பலவற்றில் ஞாயிறு விடியலில் ஆராதனை. ஞாயிறு காலையில் போட்டால் இரு தரப்புக்கும் பொருந்தும். படத்திலும் கவனம் தேவை. பாடுபட்ட சுரூபம் உள்ள சிலுவை வெள்ளிக்கிழமைக்கு உரியது. உயிர்ப்பு நாளுக்கு வெறும் சிலுவையோ, எரியும் மெழுகுவர்த்தியோ, வெள்ளை லில்லியோ போதும். சபை வேறுபாடில்லாமல் எல்லாரும் ஏற்பார்கள். முயலும் வண்ண முட்டையும் இந்த ஊர் ஈஸ்டரோடு பெரிதாகத் தொடர்பில்லாதவை.

அடுத்தது நோன்புப் பெருநாள். இங்கே சிக்கலே தேதிதான். பிறை பார்த்த பிறகே பெருநாள். அந்த ஆண்டு கேரளத்தில் ஏப்ரல் 10 அன்று கொண்டாடினார்கள். தமிழ்நாட்டில் ஏப்ரல் 11. தக்கலையிலிருந்து கேரள எல்லை சிறிது தூரம்தான், இரு பக்கமும் சம்பந்தம் செய்த குடும்பங்கள் உண்டு. நாட்காட்டியைப் பார்த்து முன்கூட்டியே ‘நாளை பெருநாள்’ என்று போட்டு வைத்த கடை, அன்றைக்கும் நோன்பு வைத்திருக்கும் வாடிக்கையாளருக்குப் பெருநாள் வாழ்த்து சொல்லும்படி ஆகிவிடும். படத்தைத் தயாராக வைத்துக்கொண்டு, தலைமைக் காஜியின் அறிவிப்பு வந்து, ஊர் ஜமாஅத்திலும் உறுதியான பிறகு வெளியிடலாம். தேதியே எழுதாமல் விடுவதும் நல்ல வழி: ‘நோன்பை நிறைவு செய்த அனைவருக்கும் நோன்புப் பெருநாள் வாழ்த்துகள். பெருநாள் தொழுகைக்குப் பிறகு, மதியம் 2 மணிக்குக் கடை திறக்கும்.’

இதற்கான படங்களில் தாஜ்மகாலைப் பள்ளிவாசல் என்று நினைத்துப் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது ஒரு கல்லறை மாடம். பிறையும் விளக்கும் போதும். அரபு எழுத்து உள்ள படமாக இருந்தால், அதைப் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டாமல் வெளியிடக் கூடாது. அலங்காரம் என்று நாம் நினைப்பது இறைவசனமாக இருக்கலாம். திரையில் போடுவதையே துண்டறிக்கையிலும் கைப்பையிலும் அச்சடிக்கும் வழக்கம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கைப்பை நாளைக்கே மீன் கழிவோடு குப்பைக்குப் போகும். சாமி படத்துக்கும் சிலுவைக்கும் அதே கதிதான். அச்சில் வருவதில் கடைப் பெயரும் பண்டிகைப் பெயரும் மட்டும் இருக்கட்டும்.

கோயில் கோபுரம், சிலுவை, பிறை மூன்றையும் ஒரே அட்டையில் வைத்து எல்லாப் பண்டிகைக்கும் அதையே மாற்றி மாற்றிப் போடும் கடைகள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பெருநாளன்று முஸ்லிம் வீட்டுக்குப் போய் மற்ற இருவரையும் நலம் விசாரிப்பதா? அவரவர் நாள் அவரவருக்கே உரியது. அளவும் வடிவமும் எல்லாருக்கும் ஒன்றாக இருந்தால் போதும். தீபாவளிக்கு முழுப்பக்கப் படமும் தள்ளுபடியும், மாசி 20-க்கு ஒற்றை வரியும் போட்டால் அதை வாடிக்கையாளர் கவனிப்பார். தள்ளுபடி சொல்ல வேண்டுமென்றால் வாழ்த்தோடு சேர்க்காமல் வேறு பதிவாக, வேறு நேரத்தில் போடலாம்.

அந்த வரிசையில் கடைசியாக ஏப்ரல் 14. கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் அந்த ஆண்டு சித்திரை முதல் நாளும் விஷுவும் ஒன்றாக வந்தன. கொன்றைப்பூ, வெள்ளரிக்காய், பழம், கண்ணாடி வைத்த கணித் தட்டு ஒன்றின் படம் போதும். அதைக் கடைக் கல்லாப்பெட்டி மேலேயே வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். அனுப்புவதற்கு முன், கடையில் வேலை பார்க்கும் பிள்ளைகளில் அந்தப் பண்டிகை கொண்டாடும் வீட்டிலிருந்து வருபவர் ஒருவர் ஒரு முறை பார்க்கட்டும். மற்றப் பண்டிகைகளுக்கும் இதே வழக்கம்தான். வெளியிட்ட பிறகு யாராவது குறை சொன்னால் விளக்கம் கொடுத்து வாதாட வேண்டாம். பதிவை எடுத்துவிட்டு, சொன்னவரை நேரில் கூப்பிட்டு எது சரி என்று கேட்டுத் திருத்திப் போட வேண்டும். திருத்திய பதிவை முதல் பதிவைப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் போய்ச் சேரும்படி அன்றைக்கே போட வேண்டும். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும்.