வானிலைச் செயலிக்கு உங்கள் வீட்டு வாசல் எதற்கு?

ஒரு செயலி முதன்முறை இருப்பிடம் கேட்கும்போது ஆண்ட்ராய்டு போனில் இரண்டு சிறு வரைபடங்கள் தோன்றும். ஒன்று Precise, துல்லியமான இடம். மற்றது Approximate, தோராயமான இடம். துல்லியம்தான் பெரும்பாலும் முன்கூட்டியே தேர்வாகியிருக்கும். ஐபோனில் 2020இலும் (ஐஓஎஸ் 14) ஆண்ட்ராய்டில் 2021இலும் (ஆண்ட்ராய்டு 12) வந்த வசதி இது. அதற்கு முன், இருப்பிட அனுமதி கேட்கும் செயலிக்குத் தோராயமான இடத்தை மட்டும் கொடுக்கும் உரிமை நம்மிடம் இருக்கவில்லை. இன்று இருக்கிறது. இடம் சற்றுத் தள்ளிக் காட்டினாலும் வேலை கெடாத எந்தச் செயலிக்கும் துல்லியமான இடத்தைத் தரக் கூடாது என்பதே இந்த உரிமையைப் பயன்படுத்துவதற்கான அளவுகோல்.

இரண்டுக்கும் உள்ள இடைவெளியை எண்களில் பார்க்கலாம். சென்னைக் கலங்கரை விளக்கம் ஏறத்தாழ 13.0394, 80.2794 என்ற புள்ளியில் இருக்கிறது. நான்கு தசம இடங்கள் இருந்தால் சுமார் 11 மீட்டருக்குள் ஆளைக் காட்டிவிடலாம். 13.04, 80.28 என்று சுருக்கினால் ஒரு கிலோமீட்டர் அளவுள்ள பகுதி என்பதோடு நின்றுவிடும். தோராய அனுமதி இதைவிடவும் அகலமானது. ஆண்ட்ராய்டு தரும் பரப்பு சுமார் 3 சதுர கிலோமீட்டர். போன் உண்மையான புள்ளியைத் தானே வைத்துக்கொண்டு, அதைக் கொஞ்சம் நகர்த்தி, ஒரு கட்டத்துக்குள் பொருத்தித்தான் செயலியிடம் கொடுக்கிறது. கேட்கும்போதெல்லாம் வெவ்வேறு பக்கம் நகர்த்தினால், பல பதில்களின் சராசரியை எடுத்து உண்மையான இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். அதனால்தான் அந்த நகர்த்தலை ஆண்ட்ராய்டு மிக மெதுவாகவே மாற்றுகிறது.

இனி அளவுகோலை வைத்துப் பார்ப்போம். ஆட்டோ அழைக்கும் செயலியில் ஒரு கிலோமீட்டர் பிசகினால் ஓட்டுநர் வேறு தெருவில் நிற்பார். திருப்பத்துக்குத் திருப்பம் வழி சொல்லும் செயலி, ஓடிய தூரத்தை அளக்கும் செயலி, தொலைந்த போனைத் தேடும் வசதி ஆகியவையும் அப்படித்தான். இவற்றுக்குத் துல்லியம் தேவை. வானிலைச் செயலிக்கு? இந்திய வானிலை ஆய்வுத் துறை 2025இல் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த பாரத் முன்கணிப்பு முறையே 6 கிலோமீட்டர் கட்டங்களாகத்தான் நாட்டைப் பார்க்கிறது. கணிப்பே அவ்வளவு அகலமாக இருக்கும்போது, நீங்கள் எந்த வீட்டில் இருக்கிறீர்கள் என்பதால் மழை பற்றிய பதில் மாறாது. ஆனால் அந்த விவரத்துக்கு வேறு இடத்தில் விலை உண்டு. மழை சொல்லக் கேட்ட இருப்பிடத்தை விளம்பரம் முதலிய பிற வணிகத் தேவைகளுக்குக் கொடுத்ததை வெதர் சேனல் செயலி பயனர்களிடம் தெளிவாகச் சொல்லவில்லை என்று குற்றஞ்சாட்டி, லாஸ் ஏஞ்சல்ஸ் நகர அரசு வழக்கறிஞர் 2019இல் வழக்குத் தொடர்ந்தார். அடுத்த ஆண்டு அது சமரசத்தில் முடிந்தது. செய்தி, விளையாட்டு, துணிக்கடைச் செயலிகளுக்கும் ஊர் தெரிந்தால் போதும்.

உணவு கொண்டுவருபவருக்கு வீடு தெரிய வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. வேண்டும், ஆனால் அவருக்குத் தேவை சாப்பாடு போய்ச் சேர வேண்டிய முகவரி. அதைத் தட்டச்சு செய்யலாம், வரைபடத்தில் குறியை நகர்த்தி வைக்கலாம். ஒருமுறை சேமித்துவிட்டால், அதன்பின் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது அந்தச் செயலிக்கு வேண்டாத விவரம். பணம் அனுப்பும் செயலிகளில் சில, மோசடியைத் தடுக்க என்று சொல்லி இருப்பிடம் இல்லாமல் இயங்க மறுக்கின்றன. அங்கும் முதலில் தோராயத்தைக் கொடுத்துப் பாருங்கள். அது ஏற்காவிட்டால், செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும் துல்லியத்தைக் கொடுங்கள்.

தோராயம் கொடுத்தாலே மறைந்துவிட முடியுமா என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். முடியாது. ஒரு நாட்டில் 15 லட்சம் பேரின் 15 மாதக் கைபேசித் தடங்களை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வில், செல்போன் கோபுர அளவிலான இடமும் மணி நேரமும் அடங்கிய நான்கு பதிவுகளே 95 சதவீதம் பேரைத் தனித்துக் காட்டப் போதுமாக இருந்தன. காலையில் ஒரு பகுதி, மாலையில் இன்னொரு பகுதி என்ற அன்றாட ஒழுங்கே ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. இதனால் தோராய அனுமதி பயனற்றதாகிவிடாது. எந்த மருத்துவமனை, எந்த வீடு என்பதை அது மறைக்கவே செய்கிறது. அதோடு, எந்நேரமும் பார்க்கும் அனுமதியையும் மறுத்தால்தான் தடம் சேர்வது குறையும். துல்லியத்தைக் குறைப்பது பாதி வேலை, நேரத்தைக் குறைப்பது மறுபாதி.

ஆண்ட்ராய்டில் Settings பகுதிக்குப் போய், செயலியின் Permissions, Location ஆகியவற்றைத் திறந்து Use precise location என்பதை அணைக்கலாம். ஐபோனில் Privacy & Security, Location Services வழியே செயலியைத் தேர்ந்து Precise Location என்பதை அணைக்க வேண்டும். வானிலைச் செயலியில் தொடங்குங்கள். வழிகாட்டும் செயலி, வண்டி அழைக்கும் செயலி, ஓடிய தூரத்தை அளக்கும் செயலி, தொலைந்த போனைத் தேடும் வசதி ஆகியவற்றை விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றிலும் அணைத்துவிடுங்கள். ஏதாவது ஒன்று வேலை செய்யாமல் போனால் அதற்கு மட்டும் திரும்பக் கொடுத்தால் போதும்.