நரம்பணு வலையமைப்பு வரைபடத்தைப் படித்தல்: லெநெட்-5

நரம்பணு வலையமைப்பின் கட்டமைப்பு வரைபடம் என்பது, உள்ளே செல்லும் தரவு எந்தெந்த அடுக்குகளைக் கடந்து, ஒவ்வொன்றிலும் என்ன வடிவம் பெற்று, கடைசியில் விடையாகிறது என்பதைக் காட்டும் படமாகும். இப்படத்தில் உள்ள பெட்டிகள் தரவைக் குறிக்கின்றன. பெட்டிகளுக்கு இடையே உள்ள கோடுகளும் அம்புக்குறிகளும் செயல்களைக் குறிக்கின்றன. பயிற்சியின்போது வலையமைப்பு கற்றுக்கொள்ளும் எண்கள் அளவுருக்கள் எனப்படும். அவை பெட்டிகளில் இல்லை, அம்புக்குறிகளில்தான் உள்ளன. இந்த வேறுபாடு தெரிந்தால் ஒவ்வோர் அடுக்கின் வடிவத்தையும் அளவுருக்களின் எண்ணிக்கையையும் தாளும் பேனாவும் கொண்டே கணக்கிடலாம்.

இக்கட்டுரை லெநெட்-5 என்னும் வலையமைப்பை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. யான் லெகுன், லியோன் பொத்து, யோசுவா பெஞ்சியோ, பாட்ரிக் ஆஃப்னர் ஆகிய நால்வர் கையெழுத்து எண்களை அடையாளம் காண்பதற்காக இதனை 1998இல் வெளியிட்ட கட்டுரையில் விவரித்தனர்.

## வடிவத்தைக் கணக்கிடுதல்

லெநெட்-5 வரைபடத்தின் முதல் பெட்டியில் `32x32` என்று இருக்கும். இது 32 புள்ளி அகலமும் 32 புள்ளி உயரமும் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம். அடுத்த பெட்டியில் `C1: 6@28x28` என்று இருக்கும். `C` என்பது கன்வல்யூஷன் அடுக்கு. `6@28x28` என்றால் 28×28 அளவுள்ள ஆறு பண்புப்படங்கள் என்று பொருள்.

32 எப்படி 28 ஆனது? இந்த அடுக்கில் 5×5 அளவுள்ள சிறு சட்டம் ஒன்று படத்தின் மீது ஒவ்வொரு புள்ளியாக நகர்கிறது. இச்சட்டம் வடிகட்டி எனப்படும். ஐந்து புள்ளி அகலமுள்ள சட்டம் 32 புள்ளி அகலத்தில் வெளியே நீளாமல் நிற்கக்கூடிய இடங்கள் 32 − 5 + 1 = 28. பொதுவான வாய்பாடு இது:

```
(n - k + 2p) / s + 1
```

இதில் `n` உள்வரும் அகலம், `k` வடிகட்டியின் அகலம், `p` ஓரத்தில் சேர்க்கும் வெற்றுப் புள்ளிகள், `s` ஒரு முறை நகரும் தூரம். வகுக்கும்போது மீதி வந்தால் அது விடப்படும். லெநெட்-5இன் கன்வல்யூஷன் அடுக்குகளில் `p` சுழியம், `s` ஒன்று.

அடுத்து வரும் `S2` நான்கு நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சுருக்குவதால் 28 பாதியாகி 14 ஆகிறது. பிறகு `C3` மீண்டும் 5×5 வடிகட்டியைப் பயன்படுத்துவதால் 10 ஆகிறது. `S4` அதனை 5 ஆக்குகிறது. இந்நிலையில் 5×5 அளவில் 16 பண்புப்படங்கள், அதாவது 400 எண்கள் உள்ளன. இவற்றிலிருந்து 120, 84, 10 என்று அடுக்குகள் குறைந்துகொண்டே செல்கின்றன. கடைசிப் பத்தும் 0 முதல் 9 வரையுள்ள எண்களுக்கானவை.

## அளவுருக்களை எண்ணுதல்

`C1` பெட்டியில் 6 × 28 × 28 = 4,704 எண்கள் உள்ளன. இவற்றை அளவுருக்கள் என்று கொள்வது புதிதாகக் கற்போர் செய்யும் பிழை. இவை படத்துக்குப் படம் மாறும் தரவு. கற்றுக்கொள்ளப்படுவது வடிகட்டி மட்டுமே. ஒரே வடிகட்டி 784 இடங்களிலும் நகர்வதால் இடத்துக்கு ஒன்றாக எண்ணக்கூடாது. ஒரு வடிகட்டிக்கு 25 எடைகளும், கூட்டிச் சேர்க்கப்படும் ஒரு மாறிலியும் உண்டு. ஆகவே `C1`இன் அளவுருக்கள் 6 × (25 + 1) = 156.

`C3`இல் ஒரு வடிகட்டி முந்தைய ஆறு பண்புப்படங்களையும் ஒருசேரப் பார்க்கிறது. அதனால் அதன் எடைகள் 25 அல்ல, 6 × 25 = 150 ஆகும். இந்த ஆழத்தை விட்டுவிடுவது மற்றொரு பிழை. இன்று பாடங்களில் எழுதப்படும் லெநெட்-5இன் கணக்கு வருமாறு:

| அடுக்கு | வெளிவரும் வடிவம் | அளவுருக்கள் |
|---|---|---|
| `C1` | 6 × 28 × 28 | 6 × (25 + 1) = 156 |
| `S2` | 6 × 14 × 14 | 0 |
| `C3` | 16 × 10 × 10 | 16 × (150 + 1) = 2,416 |
| `S4` | 16 × 5 × 5 | 0 |
| `C5` | 120 | 120 × (400 + 1) = 48,120 |
| `F6` | 84 | 84 × (120 + 1) = 10,164 |
| வெளியீடு | 10 | 10 × (84 + 1) = 850 |
| மொத்தம் | | 61,706 |

## 60,000 எப்படி வந்தது?

மூலக் கட்டுரை கூறும் எண்ணிக்கை 61,706 அல்ல, 60,000. இரண்டும் சரியே. மூலத்தில் `S2`, `S4` அடுக்குகளில் ஒவ்வொரு பண்புப்படத்துக்கும் இரண்டு அளவுருக்கள் இருந்தன. எனவே அவை முறையே 12, 32. `C3`இல் எல்லாப் பண்புப்படங்களும் எல்லாவற்றோடும் இணைக்கப்படவில்லை. ஆறு படங்கள் மும்மூன்றையும், ஒன்பது படங்கள் நந்நான்கையும், ஒன்று ஆறையும் பார்த்தன. அதன்படி 6 × 76 + 9 × 101 + 151 = 1,516. வெளியீட்டு அடுக்கின் எடைகள் முன்கூட்டியே நிலையாக வைக்கப்பட்டதால் கணக்கில் சேரவில்லை. 156 + 12 + 1,516 + 32 + 48,120 + 10,164 = 60,000. வடிவங்களைக் காட்டும் படத்தில் இந்த வேறுபாடுகள் தெரியா. எண்ணிக்கை பொருந்தாதபோதுதான் மூல உரையைத் தேடிப் படிக்க வேண்டியது தெரியவருகிறது.

## தமிழ் எழுத்துக்கு மாற்றுதல்

ஹெச்பி லேப்ஸ் இந்தியா வெளியிட்ட தமிழ்க் கையெழுத்துத் தொகுப்பில் 156 வகை உருக்கள் உள்ளன. 'கொ' போன்ற எழுத்து ெ, க, ா என்று தனித்தனி உருக்களாகப் பிரிந்துவிடுவதால் 247 எழுத்துக்கும் தனி வகை தேவைப்படவில்லை. `C1`இன் அளவுருக்களும் 156 என்பது தற்செயலே. இத்தொகுப்புக்கு லெநெட்-5ஐப் பயன்படுத்தினால் கடைசி அடுக்கு மட்டும் மாறும். அதன் அளவுருக்கள் 156 × (84 + 1) = 13,260 ஆகவும், மொத்தம் 74,116 ஆகவும் அமையும்.

ண, ன இரண்டுக்கும் ஒரு சுழிதான் வேறுபாடு. 32×32 படத்தில் அச்சுழி மங்கிவிடும் என்று கருதி ஒருவர் 64×64 படத்தை உள்ளிடுவதாகக் கொள்வோம். வடிவங்கள் 60, 30, 26, 13 என்று மாறும். `S4`இன் முடிவில் 400 எண்களுக்குப் பதிலாக 16 × 13 × 13 = 2,704 எண்கள் இருக்கும். `C5`ஐ 400 எண்களை ஏற்கும் முழு இணைப்பு அடுக்காக எழுதியிருந்தால், பைடார்ச் நிரல் இவ்வாறு நின்றுவிடும்:

```
mat1 and mat2 shapes cannot be multiplied (1x2704 and 400x120)
```

இதில் 2704 என்பது உண்மையில் வந்த எண்ணிக்கை, 400 என்பது நிரலில் எழுதப்பட்டது. 400ஐ 2704 என்று திருத்தினால் நிரல் ஓடும். ஆனால் அந்த ஓர் அடுக்கின் அளவுருக்கள் 120 × 2,705 = 3,24,600 ஆகிவிடும். மொத்தம் 3,50,596. இதில் கன்வல்யூஷன் அடுக்குகளின் பங்கு பழையபடி 2,572 மட்டுமே. படத்தின் அளவு வடிகட்டிகளைப் பெருக்குவதில்லை, முழு இணைப்பு அடுக்கையே பெருக்குகிறது. கையிலுள்ள மாதிரிப் படங்கள் குறைவாக இருந்தால், இவ்வளவு அளவுருக்கள் கொண்ட வலையமைப்பு எழுத்தின் பொது வடிவைக் கற்காமல் அந்தப் படங்களையே மனப்பாடம் செய்துவிடக்கூடும். `S4`க்குப் பின் இன்னொரு சுருக்கும் அடுக்கைச் சேர்த்தால் 13 என்பது 6 ஆகும். அப்போது `C5`க்கு 16 × 6 × 6 = 576 எண்களே செல்லும், அதன் அளவுருக்களும் 69,240 ஆகக் குறையும்.

## சரிபார்த்தலும் அதன் எல்லையும்

கையால் போட்ட கணக்கைப் பைடார்ச்சில் ஒரே வரியில் சரிபார்க்கலாம்:

```
sum(p.numel() for p in model.parameters())
```

விடை வேறுபட்டால், வேறுபாட்டின் அளவே பிழையின் இடத்தைக் காட்டும். 16 குறைந்தால் `C3`இன் மாறிலிகள் விடுபட்டுள்ளன. 2,000 குறைந்தால் `C3`இன் ஆழம் ஆறுக்குப் பதில் ஒன்றாகக் கொள்ளப்பட்டுள்ளது. ஆனால் எண்ணிக்கை பொருந்துவதால் மட்டும் இரு வலையமைப்புகள் ஒன்றாகிவிடா. நான்கு புள்ளிகளின் சராசரியை எடுத்தாலும், அவற்றில் பெரியதை எடுத்தாலும், இன்றைய வடிவில் `S2`க்குரிய அளவுரு சுழியமே. அடுக்குகளுக்கு இடையே வரும் செயலூக்கச் சார்பு மாறினாலும் எண்ணிக்கை மாறாது. இவற்றைப் படத்தின் குறிப்பிலோ மூல உரையிலோதான் பார்க்க வேண்டும்.